எண்ணிக்கை அமைதியாக இருந்த வாரம்

2020 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. புதிதாகக் கொரோனா உறுதியானவர்கள் 6,968 பேர் என்று பிரிட்டன் அறிவித்தது. வியாழக்கிழமை 6,914. புதன்கிழமை 7,108. செவ்வாய்க்கிழமை 7,143. நான்கு நாள்களாக எண்ணிக்கை ஏழாயிரத்தை ஒட்டியே நின்றது. ஆறு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்ற விதி இங்கிலாந்தில் செப்டம்பர் 14 முதல் நடப்பில் இருந்ததால், அதன் பலன் தெரியத் தொடங்கிவிட்டது என்று ஒருவர் நம்பியிருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

அன்று இரவுதான் விஷயம் வெளிப்பட்டது. ஆய்வகங்களிலிருந்து வரும் முடிவுகளை மையக் கணினிக்குள் ஏற்றும் வேலையில் ஒரு கோளாறு இருப்பதை பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு கண்டுபிடித்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான கணக்கில் 15,841 பேர் விடுபட்டிருந்தார்கள். 6,968 என்று அறிவித்த வெள்ளிக்கிழமை மட்டும் விடுபட்டவர்கள் 4,786 பேர். உண்மையான எண் 11,754. ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. அறிவிக்கப்பட்ட எண்ணைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை.

இப்படிக் காணாமல் போவதைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு சோதனை இருக்கிறது. வங்கி, தொலைபேசி நிறுவனம், பெரிய கடைகள் என்று தரவை இரவோடு இரவாக ஓரிடத்தில் சேர்க்கும் பல நிறுவனங்களில் அதை வைத்திருப்பார்கள். இந்த வாரத்தின் எண்களை அந்தச் சோதனையில் ஓட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை விசித்திரமானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பகலில் கடையில் ஒரு பில் போட்டால் அந்தக் கடையின் கணினியில் ஒரு பதிவு விழுகிறது. ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அங்கே ஒரு பதிவு. இந்தப் பதிவுகள் எல்லாம் நாள் முடிந்ததும் கோப்புகளாகத் திரட்டப்பட்டு, கூட்டம் ஓய்ந்த நேரத்தில், பொதுவாக நள்ளிரவுக்குப் பிறகு, ஒரு மையக் கிடங்கில் கொட்டப்படுகின்றன. இதைத்தான் அந்தத் துறைக்காரர்கள் இரவு லோடு என்கிறார்கள். காலையில் மேலாளர் பார்க்கும் அறிக்கை, தணிக்கையாளர் கேட்கும் கணக்கு எல்லாம் அந்தக் கிடங்கிலிருந்துதான் வருகின்றன. ஒரு பில்லில் ஒரு பொருளுக்கு ஒரு வரி, ஒரு பணப்பரிமாற்றத்துக்கு ஒரு வரி என்று அட்டவணையில் பதிவுகள் அடுக்கப்படும்.

இந்த லோடு தோற்றுப்போனால் பெரிய ஆபத்தில்லை. திரையில் சிவப்பு எழுத்து வரும், பணியில் இருப்பவரின் கைப்பேசி அலறும், அவர் எழுந்து சரிசெய்வார். ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று சொல்லிவிட்டுப் பாதியை மட்டும் ஏற்றியிருக்கும் லோடுதான் ஆபத்தானது. கணினியின் பார்வையில் அதில் தவறே இல்லை. கொடுத்த கோப்பைத் திறந்தது, இருந்த வரிகளை எல்லாம் ஏற்றியது, மூடியது. கோப்பிலேயே பாதிதான் இருந்தது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அதனால் ஏற்றி முடித்ததும் ஒரு எளிய கேள்வி கேட்கிறார்கள்: இன்றைக்கு எத்தனை வரிகள் வந்தன, கடந்த சில நாள்களில் வழக்கமாக எத்தனை வந்தன? இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கை. வரிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று இது பார்ப்பதில்லை. எண்ணுவது மட்டுமே வேலை. செலவு மிகக் குறைவு, எழுதச் சில நிமிடம் போதும், எந்த அட்டவணைக்கும் பொருந்தும். தரவுத் தரம் பற்றிப் பேசத் தொடங்கும் பலரும் முதலில் இதைத்தான் வைக்கிறார்கள், சிலர் இதோடு நின்றும் விடுகிறார்கள்.

‘வழக்கமாக எத்தனை’ என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடந்த 7 நாள்களின் சராசரியை எடுக்கலாம். ஆனால் அந்த ஏழில் ஒரு நாள் பண்டிகைக் கூட்டத்தில் மூன்று மடங்கு வந்திருந்தால் சராசரி மேலே இழுபட்டுவிடும். ஆகவே பலர் இடைநிலையை எடுக்கிறார்கள். ஏழு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் நான்காவதை எடுப்பது. ஓரத்தில் ஒரு எண் எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் நடுவில் நிற்பது அதிகம் அசையாது. அந்த நடு எண்ணிலிருந்து 30 விழுக்காடு கூடினாலோ குறைந்தாலோ எச்சரிக்கை என்று வைத்துக்கொள்வோம். பலரும் எடுத்த எடுப்பில் வைக்கும் வரம்பு இந்த அளவில்தான் இருக்கும்.

இனி பிரிட்டனின் எண்களை இதில் ஓட்டலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் கையில் இருப்பவை முழு பிரிட்டனுக்கும் அறிவிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை. இங்கிலாந்தின் கணினிக்குள் ஏறிய வரிகளின் எண்ணிக்கை அல்ல, அது வெளியே வரவில்லை. ஆனால் சோதனை எப்படி நடந்துகொள்ளும் என்று காட்ட இதுவே போதும்.

செப்டம்பர் 28, திங்கட்கிழமை, 4,044 பேர் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஏழு நாள்களின் நடு எண் 6,042. மூன்றில் ஒரு பங்கு குறைவு. எச்சரிக்கை மணி அடிக்கும். மறுநாள் 7,143. நடு எண்ணைவிட 18 விழுக்காடு அதிகம், வரம்புக்குள் இருப்பதால் மணி அடிக்காது. புதன்கிழமை 15 விழுக்காடு அதிகம். வியாழக்கிழமை 4 விழுக்காடு. 4,786 பேர் விடுபட்ட அந்த வெள்ளிக்கிழமை, நடு எண்ணோடு வித்தியாசம் வெறும் 1.4 விழுக்காடு. மணி மூச்சே விடாது.

பின்னர் வெளியான நாள்வாரிக் கணக்கின்படி, அந்த எட்டு நாள்களில் ஒருவர்கூட விடுபடாத நாள் ஒன்றே ஒன்றுதான். செப்டம்பர் 28, திங்கட்கிழமை. அதாவது நம் சோதனை, குற்றமற்ற ஒரே நாளைப் பிடித்து உலுக்கிவிட்டு, அடுத்த நான்கு நாள்களையும் வணக்கம் சொல்லி அனுப்பியிருக்கும்.

திங்கட்கிழமைத் தவறு எளிதாக விளங்கக்கூடியது. சனி, ஞாயிறுகளில் பரிசோதனையும் பதிவும் மந்தமாக நடக்கும், அதன் நிழல் திங்களன்று அறிவிப்பில் விழும். முந்தைய திங்கள், செப்டம்பர் 21 அன்றும் எண் சிறியதுதான், 4,368. திங்களைத் திங்களோடு ஒப்பிட்டிருந்தால் வித்தியாசம் 7 விழுக்காடு, மணி அடித்திருக்காது. இரவு லோடு வைத்திருக்கும் எல்லா இடத்திலும் இந்தக் கதை உண்டு. வங்கிக்கு ஞாயிறு, கடைக்குச் சம்பள வாரம், மின்வாரியத்துக்கு பில் போடும் தேதி. கிழமையைக் கிழமையோடும், மாதக் கடைசியை மாதக் கடைசியோடும் ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத சோதனை வாராவாரம் ஒருமுறை பொய் சொல்லும்.

பொய்ச் சொல்லுக்கு விலை உண்டு. ஒரு நிறுவனத்தில் 500 அட்டவணைகள் இருந்து, ஒவ்வொன்றும் மாதத்தில் ஒரே ஒரு தடவை வீணாக எச்சரித்தால் இரவுக்குப் பதினாறு எச்சரிக்கை. முதல் வாரம் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள். இரண்டாம் மாதம் அந்த மின்னஞ்சல்கள் தானாக ஒரு மூலைக்குப் போகும்படி யாரோ ஒழுங்கு செய்திருப்பார். வரம்பை எவ்வளவு இறுக்கலாம் என்பதைக் கணிதத்தைவிட, பணியில் இருக்கும் ஆளின் பொறுமைதான் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் வெள்ளிக்கிழமை மௌனம் இப்படித் தீராது. முந்தைய வெள்ளி, செப்டம்பர் 25 அன்று அறிவித்தது 6,874. அக்டோபர் 2 அன்று 6,968. வெள்ளியை வெள்ளியோடு ஒப்பிட்டாலும் சோதனை திருப்தியாகத் தலையாட்டும். ஏன் என்று புரிய, கோளாறு என்ன என்று பார்க்க வேண்டும்.

தனியார் ஆய்வகங்கள் முடிவுகளை `.csv` கோப்புகளாக அனுப்பின. அவற்றைத் தானாகவே எக்செல் படிவங்களுக்குள் இழுத்து, அங்கிருந்து மையக் கணினிக்கு ஏற்றினார்கள். அந்தப் படிவங்கள் பழைய `.xls` வடிவத்தில் இருந்தன. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது. 2007-இல் வந்த `.xlsx` வடிவம் பத்து லட்சம் வரிகளைத் தாண்டித் தாங்கும், ஆனால் இங்கே பழையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் பல வரிகள் செலவானதால் ஒரு படிவத்தில் ஏறத்தாழ 1,400 நோயாளிகளுக்கே இடம் இருந்தது. அதற்கு மேல் வந்தவர்கள் வெளியே விழுந்தார்கள்.

தலை தட்டிய படியில் எவ்வளவு நெல்லைக் கொட்டினாலும் கணக்கு ஒரு படிதான். தொற்று குறைவாக இருந்தவரை கோப்புகள் அந்த உச்சியைத் தொடவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. தொற்று ஏற ஏறக் கோப்புகள் ஒவ்வொன்றாக உச்சியை முட்டின. விடுபட்டவர்கள் புதன்கிழமை 3,049, வியாழக்கிழமை 4,133, வெள்ளிக்கிழமை 4,786 என்று கூடிக்கொண்டே போனார்கள். உள்ளே ஏறியது மட்டும் ஏழாயிரத்தில் நின்றது. வெள்ளம் கூடுகிறது, வழிவதும் அதே அளவு கூடுகிறது, அளவுகோல் அசையவில்லை.

அண்மை நாள்களோடு ஒப்பிடும் எந்தச் சோதனைக்கும் இதுதான் அடிப்படைக் குறை. அது திடீர் மாற்றத்தைத் தேடுகிறது. வரவேண்டிய மாற்றம் வராமல் போனதை அது தேடுவதில்லை. செப்டம்பர் 18-க்கும் 25-க்கும் இடையே வெள்ளிக்கிழமை எண் 4,322-லிருந்து 6,874-ஆக, ஏறக்குறைய 60 விழுக்காடு ஏறியிருந்தது. அடுத்த வாரம் ஒன்றரை விழுக்காடுகூட ஏறவில்லை. போக்கையும் கணக்கில் எடுக்கும் நுட்பமான சோதனை, பத்தாயிரத்துக்கு மேல் எதிர்பார்த்து, ஏன் நின்றது என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் பதில் தயாராக இருந்தது: கட்டுப்பாடுகள் வேலை செய்கின்றன.

இன்னும் எளிய ஒரு கேள்வி பலன் தந்திருக்கும் என்று நினைக்கிறேன். மொத்தத்தை எண்ணாமல் கோப்பு கோப்பாக எண்ணுவது. உண்மையான வாழ்க்கையில் இரண்டு நாள்களின் வரி எண்ணிக்கை அச்சாக ஒன்றாக வருவது அரிது. ஒரு கோப்பில் இன்று சரியாக 65,536 வரிகள், நாளையும் 65,536 வரிகள் என்றால் அது தற்செயலாக இருக்க வழியே இல்லை. வேறு இடங்களில் அந்த எண் வேறாக இருக்கும். ஒரு நேரத்தில் ஆயிரம் பதிவு மட்டுமே தரும் இணையச் சேவையிடமிருந்து தரவு வாங்கினால் அது சரியாக 1,000 என்று நிற்கும். எங்கோ ஒரு மூடி இருக்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கை மாறினால் அலறு என்று எழுதும் இடத்தில், எண்ணிக்கை மாறவே இல்லை என்றாலும் அலறு என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும். பலர் சேர்ப்பதில்லை. மாறாத எண் நல்ல எண் என்ற நம்பிக்கை நமக்குள் ஆழமாகக் கிடக்கிறது.

கோப்பு கோப்பாக எண்ணுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐம்பது இடங்களிலிருந்து தரவு வரும்போது ஓர் இடம் அடியோடு நின்றுவிட்டாலும் மொத்தத்தில் இரண்டு விழுக்காடுதான் குறையும், எந்த வரம்பும் அதைப் பிடிக்காது. அந்த இடத்தை மட்டும் தனியே பார்த்தால் அது நூறிலிருந்து பூஜ்யம்.

கோளாறைக் கண்டுபிடித்த பிறகு விடுபட்டவர்களைச் சேர்த்தார்கள். சனிக்கிழமை 12,872, ஞாயிறு 22,961 என்று அறிவிப்பு வந்தது. இரண்டு நாளும் சோதனை மணி அடித்திருக்கும், ஞாயிறன்று நடு எண்ணைப்போல மூன்று மடங்குக்கும் மேல். காரணம் தெரிந்திருப்பதால் அதில் சிக்கல் இல்லை. சிக்கல் திங்கட்கிழமை. அக்டோபர் 5 அன்று எண் 12,594. முந்தைய ஏழு நாள்களின் நடு எண் 7,108. ஏறத்தாழ 77 விழுக்காடு அதிகம், மறுபடி மணி. ஆனால் அன்றைக்கு லோடு சரியாகவே நடந்திருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட நாள்கள்தான் கெட்டவை.

சோதனைக்கு நினைவு உண்டு, நினைவில் பொய்யும் கலக்கும். வெட்டுப்பட்ட நாள்களையே ‘வழக்கம்’ என்று அது கற்றுக்கொண்டிருந்தது. திருத்திய எண்களை, அதாவது புதனுக்கு 10,157, வியாழனுக்கு 11,047, வெள்ளிக்கு 11,754 என்று பழைய இடங்களில் வைத்து, சனி ஞாயிறில் சேர்த்த 15,841-ஐக் கழித்துவிட்டு மீதியை இரண்டு நாளுக்கும் பாதியாகப் பிரித்தால் நடு எண் பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது. 12,594 அதைவிட 26 விழுக்காடு அதிகம், வரம்புக்குள். கோளாறைச் சரிசெய்பவர்கள் தரவைத் திருத்திவிட்டு, சோதனை பார்க்கும் பழைய எண்ணிக்கைகளைத் திருத்த மறப்பது வாடிக்கை. பிறகு சில நாள்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும், அல்லது அடிக்க வேண்டியபோது அடிக்காது.

மணி அடித்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், ஏனென்றால் அடிக்கும் நேரம் அதிகாலை மூன்று மணியாக இருக்கும். பழகியவர்கள் எண்ணின் வடிவத்தைப் பார்த்தே பாதி காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். சரியாக இரண்டு மடங்கு என்றால் ஒரே கோப்பு இருமுறை ஏறியிருக்கிறது. பூஜ்யம் என்றால் வெறும் கோப்பு வந்திருக்கிறது, அல்லது தேதியைத் தவறாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பங்கு குறைந்தால் எந்த ஊரின் கோப்பு வரவில்லை என்று தேட வேண்டும். பூஜ்யத்துக்கும் இரட்டிப்புக்கும் லோடை அங்கேயே நிறுத்திவிடலாம், காலை அறிக்கை தாமதமானாலும் பரவாயில்லை. மற்றவற்றுக்கு எச்சரித்துவிட்டு ஓட விடுவதே பெரும்பாலும் சரி, தீபாவளிக்கு முந்தைய இரவு விற்பனை கூடியதற்காகக் கணக்கை நிறுத்தி வைத்தால் காலையில் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும், இங்கிலாந்தில் நடந்ததை முதல் நாளே பிடித்திருக்கக்கூடிய சோதனை வேறொன்று. அதற்கு நேற்றைய எண்ணே தேவையில்லை. ஆய்வகம் அனுப்பிய `.csv` கோப்பில் எத்தனை பேர் என்று எண்ணி, மையக் கணினிக்குள் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணி, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. வங்கிக்காரர்களுக்கு இது பழைய பழக்கம். அனுப்பும் கோப்பின் கடைசி வரியிலேயே மொத்த எண்ணிக்கையை எழுதி அனுப்புவார்கள், பெறுபவர் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொள்வார். இதில் 30 விழுக்காடு போன்ற வரம்பு கிடையாது, ஞாயிறு, பண்டிகை என்ற விலக்கும் கிடையாது. ஒன்று குறைந்தாலும் குறைவுதான்.

அப்படியானால் அண்மை நாள்களோடு ஒப்பிடும் சோதனை எதற்கு என்று கேட்கலாம். அனுப்புபவரே பாதியைத்தான் அனுப்பினார் என்றால் பொருத்திப் பார்ப்பது ஒன்றையும் காட்டாது. இரண்டு பக்கமும் ஒரே எண்தான் இருக்கும். ஒரு கடையின் இயந்திரம் பழுதாகி அரை நாள் பில் பதிவாகவே இல்லை என்றால், அதைச் சொல்ல நேற்றைய எண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. வழியில் தொலைந்ததை ஒன்று பிடிக்கிறது, ஊற்றிலேயே வற்றியதை மற்றொன்று பிடிக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்டால் கிடைப்பது அக்டோபர் 2-ஆம் தேதியின் 1.4 விழுக்காடு.

பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து பிறகு பெரிய கோப்புகளைச் சிறு சிறு கோப்புகளாகப் பிரித்து ஏற்றத் தொடங்கியது. விடுபட்ட 15,841 பேருக்கும் அவரவர் பரிசோதனை முடிவு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது, அவர்கள் தனிமையில் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். போய்ச் சேராதது அவர்களோடு பழகியவர்களைத் தேடும் ஊழியர்களுக்கு. யாரைத் தேடுவது என்ற பட்டியலும் அதே லோடிலிருந்துதான் எடுக்கப்பட்டது. முதல் நாளான செப்டம்பர் 25 அன்று விடுபட்டவர்கள் 957 பேர், அன்றைய உண்மை எண்ணில் எட்டில் ஒரு பங்கு. 30 விழுக்காடு வரம்பு அதைக் கவனித்திருக்காது. அனுப்பியதையும் சேர்ந்ததையும் அன்றிரவே எண்ணிப் பொருத்தியிருந்தால், அடுத்த ஏழு நாள்களில் விடுபட்ட 14,884 பேரின் பெயர்கள் அந்தந்த நாளே அந்த ஊழியர்களின் பட்டியலில் ஏறியிருக்கும்.